குழியில் மண் சரிந்தால்

அடித்தளக் குழியில் மண் சரிந்து ஒருவர் புதைந்தால், உடன் வேலை செய்பவர்கள் உள்ளே குதித்துவிடுவார்கள். இரண்டாவது சரிவு அவர்களையும் மூடும். ஒரு கனமீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை. அதனால் அவசரத் திட்டத்தின் முதல் வரி, விசில் கேட்டதும் எல்லோரும் மேலேறி வாயிலருகே கூடுவது. மேஸ்திரி வருகைப் பதிவேட்டோடு ஆட்களை எண்ணுவார். யாரைக் காணோம் என்பது அப்போதுதான் தெரியும். சூப்பர்வைசர் குழியோரத்து ஜேசிபியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தமிழ்நாட்டில் என்றால் தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 அழைப்பார். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவார். மீட்கப்பட்டவரின் வாயிலுள்ள மண்ணை அகற்றி, மூச்சில்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்த வேண்டும்; கழுத்தைத் திருப்பவோ தண்ணீர் புகட்டவோ கூடாது. வாயிலில் ஒட்டும் பட்டியலுக்குப் பக்கத்துக் கிளினிக் போதாது. இரவிலும் அறுவைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையின் எண் வேண்டும். அந்த எண் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது அழைத்துப் பார்ப்பதும் சூப்பர்வைசர் பொறுப்பு.