முறுக்கு அவிழ்ந்த பிறகு

இந்த நோயில் வழக்கமாகப் பார்க்கிற ஒரு நோயாளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 78. பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். மலச்சிக்கல் பழைய கதை. நடமாட்டம் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து வயிறு உப்புகிறது. வழக்கமான சிக்கல்தான் என்று வீட்டில் பேதி மருந்து கொடுக்கிறார்கள். உப்பல்தான் கூடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனைக்கு வரும்போது வயிற்றைத் தட்டினால் மேளம் மாதிரி ஒலிக்கிறது. விட்டுவிட்டு வலி இருக்கிறது, வாந்தி இல்லை. பணியில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது மலத்தைப் பற்றி இல்லை. "காத்து பிரியுதா?" என்கிறார். ஞாயிறு முதல் அதுவும் இல்லை என்கிறாள் மகள். மலச்சிக்கலில் மலம் நிற்கும், வாயு எப்படியாவது வெளியேறும். இரண்டும் சேர்ந்து நின்று, வயிறும் மளமளவென்று உப்பினால் உள்ளே வழி அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அடைபட்ட இடம் இவருக்கு சிக்மாய்டு. பெருங்குடலின் கடைசிப் பகுதி, மலக்குடலுக்குச் சற்று மேலே, இடது அடிவயிற்றில் வளைந்து கிடப்பது. வயிற்றின் பின்சுவரோடு இதைப் பிணைத்திருப்பது ஒரு மெல்லிய மடிப்பு. ரத்தக் குழாய்கள் அதன் வழியாகத்தான் குடலுக்குப் போகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே இந்த வளைவு நீளம். சிலருக்கு வருடக்கணக்கான மலச்சிக்கலில் நீண்டு தொங்கிவிடுகிறது. வளைவு நீளமாக, அதன் இரண்டு கால்களும் நெருங்கி இருந்தால், இரண்டு முனையையும் ஒரே கொக்கியில் மாட்டிய தூளி திருகிக்கொள்வது போல அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அரைச் சுற்றைத் தாண்டினால் வழி அடைகிறது. முழுச் சுற்றானால் ரத்த ஓட்டமும் நெரிபடத் தொடங்குகிறது. பார்க்கின்சன், பக்கவாதம், மறதி நோய், குடலின் அசைவைக் குறைக்கும் மனநல மருந்துகள், நீண்ட நாள் படுக்கை ஆகியவை இதற்குத் துணை போகின்றன. முதியோர் இல்லங்களில் இது அடிக்கடி தென்படுவது அதனால்தான்.

முறுக்கிய வளைவின் இரண்டு வாயும் மூடியிருக்கும். உள்ளே இருக்கும் வாயு வெளியேற முடியாது. வளைவு பெருத்துக்கொண்டே போகும். படுக்க வைத்து எடுக்கிற சாதாரண வயிற்று எக்ஸ்ரேயில் தெரிவது இந்த வாயுதான். இடுப்பெலும்புக் கூட்டிலிருந்து ஒரு பெரிய கருநிற வளைவு கிளம்பி, பெரும்பாலும் வலது மேல் வயிறு வரை, சில சமயம் உதரவிதானத்தைத் தொடும் அளவுக்கு எழுந்து நிற்கும். சாதாரணப் பெருங்குடலில் காணும் மடிப்பு மடிப்பான சுவடுகள் அதில் இருக்காது, சுவர் வழவழவென்று இருக்கும். வளைவின் இரண்டு கால்களும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழாக ஓடும். இரண்டு சுவர்கள் சேர்ந்த கோடு என்பதால் வெளிக்கோடுகளைவிட அது தடிமன். நடுவில் பிளவு விழுந்த காப்பிக்கொட்டை போல இருப்பதால் 'காப்பிக்கொட்டை அடையாளம்' என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூன்று கோடுகளும் கீழே எங்கே குவிகின்றனவோ, அங்கேதான் முறுக்கு. அதற்குக் கீழே மலக்குடலில் வாயு பெரும்பாலும் இருக்காது.

எல்லா எக்ஸ்ரேயும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசாது. முறுக்கே இல்லாமல் பெருங்குடல் அசைவிழந்து ஊதிப்போவதும் இதே வயதில், இதே மருந்துகளோடு வரும். சந்தேகமிருந்தால் சி.டி. ஸ்கேன். முறுக்கிய மடிப்பும் அதன் ரத்தக் குழாய்களும் அதில் சுழல் போலத் தெரியும். குடல் சுவருக்கு ரத்தம் போகிறதா, சுவருக்குள் வாயு புகுந்திருக்கிறதா, எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதையும் அது சொல்லும். அடுத்த அடி எதை நோக்கி என்பதை இந்தக் கேள்விகளே தீர்மானிக்கும்.

வயிறு பலகை போல் விறைத்திருந்தால், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறி ரத்த அழுத்தம் விழுந்தால், ஸ்கேனில் குடல் அழுகல் தெரிந்தால், நேராக ஆபரேஷன் தியேட்டர்தான். நம் நோயாளிக்கு அப்படி எதுவும் இல்லை. சலைன் ஏற்றி, பொட்டாசியம் குறைவைச் சரிசெய்து, எண்டோஸ்கோப்பி அறைக்கு அழைத்துப் போகிறார்கள்.

1947-இல் நார்வே அறுவை மருத்துவர் ப்ரூஸ்கார்ட், மலவாய் வழியே விறைப்பான குழாயைச் செலுத்தி வயிற்றைக் கிழிக்காமல் முறுக்கைப் பிரிக்கலாம் என்று பெரிய நோயாளிக் கூட்டத்தில் காட்டினார். இன்று வளையும் எண்டோஸ்கோப். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, காற்றை மிகக் குறைவாக ஊதிக்கொண்டே கருவியை நகர்த்துகிறார்கள். ஊதிய குடலில் இன்னும் காற்றடிப்பது ஆபத்து. ஓரிடத்தில் உட்சுவரின் மடிப்புகள் சுழன்று ஒரு புள்ளியில் குவியும். மருத்துவர் அங்கே நின்று நிறத்தைப் பார்க்கிறார். இளஞ்சிவப்பாக இருந்தால் மேலே போகலாம். கருநீலமாகவோ கருப்பாகவோ இருந்தால், ரத்தம் கலந்த நீர் கசிந்தால், கருவியை வெளியே இழுத்துவிட்டு அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அழுகிய குடலை எண்டோஸ்கோப்பால் தள்ளினால் அது கிழியும்.

இவருக்கு இளஞ்சிவப்பு. மெதுவாக அழுத்த, முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. உடனே பீறிட்டு வருகிறது வாயுவும் நீர்த்த மலமும். அருகில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், அனுபவப்பட்டவர்கள் முன்பே ஏப்ரன் போட்டிருப்பார்கள். வயிறு கண்முன்னே வற்றுகிறது. உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சி, முறுக்கு இருந்த இடத்தைத் தாண்டும்படி ஒரு மென்குழாயை வைத்துத் தொடையில் ஒட்டிவிடுகிறார்கள். ஒன்று முதல் மூன்று நாள் அது அங்கேயே இருக்கும். மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்து வளைவு சுருங்கியதை உறுதி செய்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த முயற்சி பலிக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாம் நாள் அப்பா இட்லி சாப்பிடுகிறார்.

"டாக்டர், வயிறு வத்திடுச்சு, மோஷனும் போறார். இன்னும் எதுக்கு ஆபரேஷன்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோமே."

"அம்மா, முறுக்கைத்தான் எடுத்திருக்கோம். அந்த நீளமான குடல் உள்ளே அப்படியேதான் இருக்கு."

இந்தக் கட்டத்தில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்காவது முறுக்கு திரும்ப வருகிறது. சில வாரங்களில் வரலாம், சில மாதங்களிலும் வரலாம். அடுத்த முறை இரவு இரண்டு மணிக்கு வரலாம், அழுகிய குடலோடு வரலாம். அப்போது செய்கிற அவசர அறுவையின் உயிராபத்து, இப்போது திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு. அதனால்தான் மயக்க மருந்தைத் தாங்கக்கூடியவர்களுக்கு, அதே அட்மிஷனில் அறுவையை முடித்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். எண்டோஸ்கோப்பி வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. அந்த நாட்களில் நீர்ச்சத்து சரியாகிறது, இதயமும் நுரையீரலும் பரிசோதிக்கப்படுகின்றன, குடல் வீக்கம் வடிகிறது.

அறுவை, தொங்கும் சிக்மாய்டு வளைவை முழுதாக வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் இணைப்பது. வளைவு நீளமாக இருப்பதே இங்கே வசதி. இடது அடிவயிற்றில் சிறு கீறல் போட்டாலே வெளியே வந்துவிடும், லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். வெட்டாமல் பிரித்துவிட்டு மட்டும் மூடினாலோ தையல் போட்டு நிலைநிறுத்தினாலோ மறுபடி முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். பெருங்குடல் முழுதும் பெருத்திருந்தால் சிக்மாய்டை மட்டும் எடுப்பது போதாமல் போகலாம். அவசர அறுவையில் குடல் கறுத்திருந்தால் முறுக்கைப் பிரிக்காமலேயே ரத்தக் குழாய்களைக் கட்டி அப்படியே எடுப்பார்கள். பிரித்தால் தேங்கிய நச்சு உடலுக்குள் பாயும். அந்த நிலையில் இணைப்பு ஆறுமா என்ற சந்தேகம் இருக்கும் என்பதால், மேல்முனையை வயிற்றுத் தோலில் திறந்து மலப்பை வைப்பது வழக்கம். நம் நோயாளிக்கு, நாள் குறித்துச் செய்ததால் பை தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் கத்தி வைக்க முடியாது. இதயம் மிகவும் பலவீனமானவர், படுத்த படுக்கையானவர், ஆயுள் சில மாதமே என்று தெரிந்தவர் போன்றோருக்கு, ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோப்பியால் பிரித்துவிடுவதே சில சமயம் நியாயமான வழி. எண்டோஸ்கோப் உதவியோடு வயிற்றுத் தோல் வழியே குழாய் செலுத்தி சிக்மாய்டை நிலைநிறுத்தும் முறையும் உண்டு; அதில் கிருமித்தொற்று அபாயம் கொஞ்சமில்லை. அப்படி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மலமிளக்கியை நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். வயிறு உப்பி, காற்றும் நின்றால், வீட்டு மருந்தும் எனிமாவும் வேண்டாம், அதே நாளில் மருத்துவமனை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'சிக்மாய்டு குடல் முறுக்கு' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே பிரதியையும் அதோடு வையுங்கள். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் நள்ளிரவில் பார்க்கிற டாக்டருக்குப் பழைய படம் ஒன்று கையில் இருந்தால், மலச்சிக்கல் என்று எண்ணி நேரம் போக்க மாட்டார்.