கட்டடத்தை வித்தா 60 கோடி லாபம், கணக்குல 30 கோடிதான்: மீதி எங்க போச்சு?



என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஒரு கம்பெனியோட ஷேர் கொஞ்சம் வச்சிருக்கார். சாதாரணமா அந்தக் கம்பெனிக்கு ஒரு காலாண்டுக்கு 10 கோடி ரூபாய் அளவுக்கு லாபம் வரும். ஒரு காலாண்டில் திடீர்னு 40 கோடி காட்டினாங்க. என்னன்னு பார்த்தா, சொந்த அலுவலகக் கட்டடத்தை வித்திருக்காங்க. வித்துட்டு காலி பண்ணல, அதே கட்டடத்துல வாடகைக்கு உட்கார்ந்துட்டாங்க.

நண்பர் அதுக்கு மேலயும் ஒண்ணு கண்டுபிடிச்சார். "கட்டடத்துக்குக் கணக்குப் புத்தகத்துல 40 கோடிதான் மதிப்பு. 100 கோடிக்கு வித்திருக்காங்க. லாபம் 60 வரணும், ஆனா 30 தான் காட்டியிருக்காங்க. மீதி 30 கோடியைத் தள்ளி வச்சிருக்காங்க. அப்போ வர்ற வருஷங்கள்ல இன்னும் 30 கோடி லாபம் வரப்போகுதுல்ல?" அப்படின்னு சொல்லி, இன்னும் கொஞ்சம் ஷேர் வாங்கிட்டார்.

30 கோடி தள்ளி வைக்கப்பட்டது உண்மை. ஆனா அவர் நினைச்ச மாதிரி அது வராது. ஏன்னு இந்தப் பதிவுல பார்க்கலாம். (எண்களை எல்லாம் புரிவதற்காக ரவுண்டா மாத்தியிருக்கேன்.)

சேல் அண்ட் லீஸ்பேக்னா என்ன?

சொந்தமா இருக்கிற ஒரு சொத்தை இன்னொருத்தருக்கு வித்துட்டு, அதே சொத்தை அவர்கிட்டயே குத்தகைக்கு எடுத்துக்கிறதுதான் சேல் அண்ட் லீஸ்பேக். கட்டடம், கிடங்கு, கப்பல், விமானம்னு பல சொத்துகள்ல இது நடக்குது. இண்டிகோ வளர்ந்ததுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. 2005-ல் ஒரே ஆர்டரில் 100 ஏர்பஸ் விமானங்கள் கேட்டாங்க. விமானம் கைக்கு வரும்போது லீசிங் கம்பெனிக்கு வித்துட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டினாங்க. மொத்தப் பணமும் விமானத்துல முடங்காது, தொழிலும் நிக்காது.

நம்ம கதையில கம்பெனி போட்ட ஒப்பந்தம் இதுதான்:

- கட்டடத்தின் கணக்குப் புத்தக மதிப்பு: 40 கோடி
- சந்தை மதிப்பு, விற்ற விலை இரண்டுமே: 100 கோடி
- குத்தகை: 10 வருஷம், வருஷத்துக்கு 7.79 கோடி வாடகை

நிஜமாவே முழுக் கட்டடத்தையும் வித்தாங்களா?

இந்தக் கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கு.

ஊர்ல ஒருத்தர் தென்னந்தோப்பை விக்கிறார்னு வச்சுக்கோங்க. "தோப்பு உனக்கு, ஆனா அடுத்த 10 வருஷக் காய் எனக்குத்தான்"னு சொல்லி விக்கிறார். அவர் முழுத் தோப்பையும் வித்தாரா? இல்லை. 10 வருஷத்துக்கு அப்புறம் இருக்கிற தோப்பைத்தான் வித்திருக்கார். முதல் 10 வருஷம் இன்னும் அவர் கையிலதான் இருக்கு.

கம்பெனியும் இதைத்தான் செஞ்சிருக்கு. அடுத்த 10 வருஷம் கட்டடத்தைப் பயன்படுத்துற உரிமையை விட்டுக் கொடுக்கவே இல்லை. அந்த உரிமைக்கு என்ன மதிப்பு? கொடுக்கப்போற வாடகைகளோட இன்றைய மதிப்புதான்.

10 வருஷ வாடகையைக் கூட்டினா 77.9 கோடி. ஆனா 10-வது வருஷம் கொடுக்கப்போற 7.79 கோடியும் இன்னைக்குக் கொடுக்கிற 7.79 கோடியும் ஒண்ணு இல்லையே. 9% வட்டியில கழிச்சுப் பார்த்தா, மொத்த வாடகையோட இன்றைய மதிப்பு 50 கோடி வருது.

அதாவது, 100 கோடி மதிப்புள்ள கட்டடத்துல 50 கோடி மதிப்பைக் கம்பெனி தன்கிட்டயே வச்சுக்கிட்டது. வாங்கினவருக்குப் போனது மீதிப் பாதிதான். அப்போ கைக்கு வந்த 100 கோடி? அதுல 50 கோடி உண்மையான விற்பனைப் பணம். மீதி 50 கோடி, 10 வருஷ வாடகையா திருப்பிக் கட்டப்போற கடன் மாதிரி. கடன் வாங்கின பணத்துக்கு யாரும் லாபம் காட்ட முடியாது இல்லையா?

இப்போ லாபக் கணக்கு

இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிற இந்த் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் தரம் சொல்றது இதைத்தான்: வாங்கினவருக்குப் போன பங்குக்கு மட்டும் லாபம் காட்டு.

மொத்த லாபம் 100 – 40 = 60 கோடி. வாங்கினவருக்குப் போனது பாதி. அதனால இப்போ காட்டக்கூடிய லாபம் 30 கோடி.

மீதி 30 கோடி "தள்ளி வைத்த லாபம்"னு தனிக் கணக்கில் உட்கார்ந்திருக்கும்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி ஒரு வரி பேலன்ஸ் ஷீட்ல இருக்காது. அது ஒளிஞ்சிருக்கிற இடம் வேற.

கட்டடத்தை 10 வருஷம் பயன்படுத்துற உரிமையையும் கம்பெனி ஒரு சொத்தாகக் காட்டணும். அதோட சந்தை மதிப்பு 50 கோடி. ஆனா புத்தகத்துல 50 எழுத முடியாது. பழைய புத்தக மதிப்பான 40 கோடியில் பாதி, 20 கோடிதான் எழுதணும். விட்டுக் கொடுக்காத பகுதிக்குப் பழைய விலையே தொடரும். இந்த 50-க்கும் 20-க்கும் நடுவுல இருக்கிற 30 கோடிதான் அந்தத் தள்ளி வைத்த லாபம்.

சரிபார்த்துடலாம். உள்ளே வந்தது: பணம் 100, பயன்பாட்டு உரிமை 20, ஆக 120. மறுபக்கம்: போன கட்டடம் 40, வாடகைக் கடன் 50, லாபம் 30. அதுவும் 120. கணக்கு நேர்.

அந்த 30 கோடி எப்படி வரும்?

பயன்பாட்டு உரிமையை 10 வருஷத்துக்குத் தேய்மானம் போடணும். 50 கோடியா எழுதியிருந்தா வருஷம் 5 கோடி செலவு. 20 கோடியா எழுதினதால வருஷம் 2 கோடிதான். வருஷத்துக்கு 3 கோடி குறைவு, 10 வருஷத்துல 30 கோடி. இவ்வளவுதான்!

நண்பர் எதிர்பார்த்த மாதிரி புது வருமானம் எதுவும் வராது. செலவு கொஞ்சம் குறைவா தெரியும், அவ்வளவே. பணமாகவும் எதுவும் வராது, ஏன்னா 100 கோடியும் முதல் நாளே வந்தாச்சு. இனிமே வருஷா வருஷம் 7.79 கோடி வெளியேதான் போகும்.

லாபத்தையே எடுத்துக்கிட்டாலும், விக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கட்டடத்துக்கு வருஷம் 1.5 கோடி தேய்மானம் மட்டும் இருந்துச்சுன்னு வைங்க. இப்போ முதல் வருஷத்துல தேய்மானம் 2 கோடி, வாடகைக் கடனுக்கு 9% வட்டி 4.5 கோடி, மொத்தம் 6.5 கோடி. செலவு கூடியிருக்கு.

அப்போ இது மோசமான முடிவா? அது 100 கோடியை என்ன பண்ணாங்கங்கறதைப் பொறுத்தது. 9% வட்டிக்கு வாங்கின 100 கோடிக் கடனை அடைச்சிருந்தா, வருஷம் 9 கோடி வட்டி மிச்சம். இது நல்ல முடிவா இருக்கலாம். தொழில்ல வர்ற நஷ்டத்தை அடைக்கப் பயன்படுத்தியிருந்தா, பணம் கரைஞ்சிடும், வாடகை மட்டும் நிக்கும்.

எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கு?

முதல் இடம், குத்தகைக் காலம். 10 வருஷத்துக்குப் பதிலா 3 வருஷ ஒப்பந்தம் போட்டா, வாடகைகளோட இன்றைய மதிப்பு சுமார் 20 கோடிதான் வரும். கம்பெனி வச்சுக்கிட்டது 20%னா வித்தது 80%. உடனே காட்டுற லாபம் 30-லிருந்து 48 கோடியா ஏறிடும்! அதே கட்டடம், அதே விலை. அதனால ஒப்பந்தத்தில் நீட்டிக்கும் உரிமை இருந்து, கம்பெனி நிச்சயமா நீட்டிக்கும்னு சொல்ற அளவுக்குச் சூழ்நிலை இருந்தா, அந்த வருஷங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்னு விதி இருக்கு. தலைமை அலுவலகத்தையே வித்துட்டு "3 வருஷம்தான் இருப்போம்"னு ஒரு கம்பெனி சொன்னா, கொஞ்சம் யோசிங்க.

இரண்டாவது இடம், விலை. சந்தை மதிப்பு 100 கோடி இருக்கும்போது 120 கோடிக்கு வித்தோம்னு சொல்லலாம். யாரும் சும்மா 20 கோடி கூடுதலா தர மாட்டாங்க. வாடகையை வருஷம் 10.9 கோடி அளவுக்கு ஏத்தி வாங்கிடுவாங்க. அதனால அந்தக் கூடுதல் 20 கோடியை லாபத்துல சேர்க்கக் கூடாது, நேரடியா கடனா காட்டணும். லாபம் அப்பவும் 30 கோடிதான்.

இன்னொரு விஷயம்: இந்த் ஏஎஸ் முறைக்கு வராத சின்னக் கம்பெனிகள் இன்னும் பழைய ஏஎஸ் 19 தரத்தைத்தான் பின்பற்றுறாங்க. அதுல சாதாரண வாடகை ஒப்பந்தமா இருந்து, சந்தை விலைக்கே வித்திருந்தா, 60 கோடி முழுசையும் உடனே லாபமா காட்டலாம். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது இதைப் பார்த்துக்கோங்க.

ரிசல்ட்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லாபம் திடீர்னு குதிச்சிருந்தா, முதல்ல இதர வருமானம், சிறப்பு இனங்கள் இந்த இரண்டு வரிகளைப் பாருங்க. அப்புறம் பேலன்ஸ் ஷீட்ல குத்தகைக் கடன் போன வருஷத்தை விட எகிறியிருக்கான்னு பாருங்க. சொத்து வித்த பணமும் குத்தகைக் கடனும் ஒரே நேரத்துல ஏறியிருந்தா, பெரும்பாலும் இந்தக் கதைதான். ஆண்டு அறிக்கையில் குத்தகை பற்றிய குறிப்பில், சேல் அண்ட் லீஸ்பேக்கால வந்த லாப நஷ்டத்தைத் தனியா சொல்லியிருப்பாங்க.

நண்பருக்கு இதையெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்துல பேப்பர்ல போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்போ 40 கோடியில இருந்து 30-ஐக் கழிச்சா, பழைய 10 கோடிதானே?"ன்னார். ஆமா, கம்பெனியோட தொழில் சம்பாதிச்சது அந்த 10 கோடிதான். ஷேருக்கு விலை கொடுக்கிறதா இருந்தா, அந்த 10 கோடியை வச்சுக் கொடுங்க. அதுலயும் வாடகையால இனிமே கூடப்போற செலவைக் கழிச்சுட்டு.