கொட்டேஷனில் ஜிஎஸ்டி உண்டா, தனியா? ஒரு வார்த்தை விட்டுப்போனால் 18,000 ரூபாய் யார் தலையில்?

"ஒரு ரேக் 5,900 ரூபாய் சார்." வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி போகிறது. வாங்குபவர் "ஓகே" சொல்கிறார், ஆர்டரும் வருகிறது. பில் போடும் நாளில்தான் பிரச்சினை ஆரம்பம். விற்பவர் வரி தனி என்று நினைத்திருக்கிறார். வாங்குபவர் வரியும் சேர்த்துத்தான் அந்த விலை என்று நினைத்திருக்கிறார். கம்பெனிகளுக்கு சரக்கு கொடுக்கும் சிறு தொழில்களில் அடிக்கடி நடக்கும் தகராறு இது. இதைத் தவிர்ப்பது எப்படி? ஒரு கணக்கோடு பார்க்கலாம்.

கடையில் வராத குழப்பம் இங்கே ஏன் வருகிறது?

கடையில் பாக்கெட் பொருள் வாங்கும்போது எம்ஆர்பி என்ற விலை இருக்கும். எல்லா வரியும் சேர்ந்ததுதான் அது. அதனால் சாதாரண வாடிக்கையாளர் வரியைப் பற்றி யோசிப்பதே இல்லை.

ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் வாங்கும்போது கதை வேறு. தொழிலுக்காக வாங்கும் பெரும்பாலான பொருட்களுக்குக் கொடுக்கும் வரியை, அந்த நிறுவனம் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் இன்புட் கிரெடிட் என்கிறார்கள். அப்போ அவர்களுக்கு உண்மையான செலவு வரிக்கு முந்தைய விலை மட்டும்தான். அதனால் கம்பெனிகளின் பர்ச்சேஸ் பிரிவினர் வரி தனியாக உள்ள விலையையே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சிறிய அலுவலகங்களோ, கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையைத்தான் பார்க்கும். ஒரே "5,900" இந்த இருவருக்கும் இரண்டு அர்த்தம் தருகிறது.

20 ரேக்குக்கு கணக்கு என்ன?

கோவையில் இரும்பு ரேக் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். இரும்பு ரேக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆர்டர் 20 ரேக், ஒன்று 5,900 ரூபாய். மொத்தம் 1,18,000 ரூபாய்.

வரி தனி என்றால், 1,18,000 மேல் 21,240 ரூபாய் வரி சேர்ந்து பில் 1,39,240 ரூபாய் ஆகும்.

வரி உட்பட என்றால், பில் 1,18,000 ரூபாயிலேயே முடிந்துவிடும். அதற்குள் 18,000 ரூபாய் வரி. பட்டறைக்கு மிஞ்சுவது 1,00,000 ரூபாய் மட்டும். அதாவது, எழுதாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக பட்டறைக்காரர் தன் விலையிலிருந்தே 18,000 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். லாபம் முழுக்க இதிலேயே கரைந்துபோக வாய்ப்பு உண்டு.

இங்கே இன்னொரு தப்பும் நடக்கும். வரி உட்பட உள்ள 1,18,000 ரூபாயிலிருந்து வரியைப் பிரிக்க, நேராக 18 சதவீதம் கழித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 21,240 ரூபாய் என்று வரும். இது தவறு. வரி போடப்பட்டது 1,00,000 மேல்தான், 1,18,000 மேல் அல்ல. சரியான வழி, மொத்தத்தை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது. வருவது வரிக்கு முந்தைய விலை.

மூன்று கொட்டேஷன் வந்தால் எது மலிவு?

வாங்குபவர் பக்கமிருந்து பார்ப்போம். ஒரே ரேக்குக்கு மூன்று விலை வந்திருக்கிறது.

முதலாமவர்: 5,900 ரூபாய், ஜிஎஸ்டி தனி.
இரண்டாமவர்: 6,490 ரூபாய், ஜிஎஸ்டி உட்பட.
மூன்றாமவர்: 5,700 ரூபாய், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்.

பார்த்தவுடன் இரண்டாமவர்தான் அதிகம் போலத் தெரியும். ஆனால் 6,490-ல் வரியைப் பிரித்தால் அடிப்படை விலை 5,500 ரூபாய்தான். மூன்றாமவர் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, அவர் பில்லை வைத்து இன்புட் கிரெடிட்டும் எடுக்க முடியாது. ஆகவே இன்புட் கிரெடிட் எடுக்கும் நிறுவனத்துக்கு உண்மையான செலவு முறையே 5,900, 5,500, 5,700. இரண்டாமவர்தான் மலிவு.

அதே ரேக்கை ஒரு பள்ளி வாங்கினால்? கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் பள்ளிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. கையிலிருந்து போகும் தொகைதான் செலவு. அப்போது 6,962, 6,490, 5,700 என்று கணக்கு மாறும். மூன்றாமவர்தான் மலிவு. வாங்குவது யார் என்று தெரிந்துகொண்டு, இரண்டு தொகையையும் காட்டுவது இதற்காகத்தான்.

லாரி வாடகைக்கும் வரி உண்டா?

"டிரான்ஸ்போர்ட் தனி" என்று மட்டும் எழுதிவிட்டு, கடைசியில் வரிக்குப் பிறகு 3,000 ரூபாயைச் சேர்ப்பது பலருடைய பழக்கம். ரேக்கை விற்பவரே அனுப்பிவைத்து, வாடகையையும் தன் பில்லிலேயே வசூலித்தால், அதுவும் பொருளின் மதிப்போடு சேர்ந்து 18 சதவீத வரிக்குள் வரும். பேக்கிங் கட்டணத்துக்கும் இதேதான். எனவே இவற்றை வரிக்கு மேலே, அடிப்படை விலையோடு எழுத வேண்டும்.

அப்போ கொட்டேஷன் எப்படி இருக்கணும்?

மேலே பார்த்த ரேக் ஆர்டரையே சரியாக எழுதினால் இப்படி இருக்கும்.

இரும்பு ரேக், 20 × 5,900 (ஜிஎஸ்டி தனி): 1,18,000
டிரான்ஸ்போர்ட்: 3,000
வரிக்கு முந்தைய மொத்தம்: 1,21,000
சிஜிஎஸ்டி 9%: 10,890
எஸ்ஜிஎஸ்டி 9%: 10,890
செலுத்த வேண்டிய மொத்தம்: 1,42,780

சரக்கு பெங்களூருவுக்குப் போகிறது என்றால், இரண்டு வரிகளுக்குப் பதில் ஐஜிஎஸ்டி 18% என்று ஒரே வரியாக 21,780 வரும். மொத்தம் மாறாது.

இதில் கவனிக்க வேண்டியது, "ஜிஎஸ்டி தனி" என்பது கீழே பொடி எழுத்தில் இல்லை, விலையின் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே கொட்டேஷனில் சில பொருளுக்கு வரி உட்பட, சிலதுக்கு வரி தனி என்று கலக்கவும் கூடாது. தள்ளுபடி தருவதாக இருந்தால், அதை வரிக்கு முந்தைய விலையிலேயே கழித்துக்காட்டுவது நல்லது.

வரி விகிதம் நடுவில் மாறினால்?

2025 செப்டம்பர் 22 அன்று பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி மாறியது. ஏசிக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆனது. அதற்கு முன்பு "38,400 ரூபாய், வரி உட்பட" என்று ஒருவர் கொடுத்த கொட்டேஷனை நினைத்துப் பாருங்கள். அதன் அடிப்படை விலை 30,000. புதிய விகிதத்தில் அது 35,400 ஆகிறது. மிச்சமாகும் 3,000 ரூபாய் யாருக்கு என்பதில் தகராறு வந்துவிடும்.

"30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி, சப்ளையின்போது பொருந்தும் விகிதப்படி" என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. விகிதம் கூடினாலும் குறைந்தாலும் அடிப்படை விலை அப்படியே நிற்கும். கொட்டேஷன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் இதே இடத்தில் எழுதிவிடலாம்.

கடைசியாக, பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்ததும் அதில் உள்ள விலையைக் கொட்டேஷனோடு ஒத்துப்பாருங்கள். அதில் 5,900 என்று மட்டும் இருந்து, "வரி தனி" என்ற வார்த்தை விடுபட்டிருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே திருத்தி வாங்கிவிடுங்கள். சரக்கு இறங்கிய பிறகு அந்த வார்த்தையைச் சேர்க்கச் சொன்னால், எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.