கார்டை ஃபார்மட் செய்வதற்கு முன்

யூடியூப் சேனல் நடத்துகிறவர்களிடம் ஃபுட்டேஜ் எப்படித் தொலைந்தது என்று கேட்டால், பழி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் மேல்தான் விழும். டிஸ்க் சாவது உண்மைதான். ஆனால் எந்தக் கோளாறும் இல்லாத டிஸ்க்கிலிருந்தும் காட்சிகள் காணாமல் போகின்றன. படப்பிடிப்பு முடிந்த அன்று இரவு, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் கார்டை லேப்டாப்பில் செருகும் நேரம்தான் அதற்குத் தோதான நேரம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பழைய வீடுகளைப் பற்றி வாரம் ஒரு வீடியோ போடும் சேனல் அது, இரண்டே பேர். காரைக்குடியில் ஒரு வீட்டைப் படமெடுக்கிறார்கள். இரண்டு கேமராக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் 4கே பதிவு. நொடிக்கு 100 மெகாபிட் என்ற வழக்கமான தரத்தில் ஒரு மணி நேரம் 45 ஜிபி பிடிக்கும். ஆக மொத்தம் 180 ஜிபி. தனியாகப் பதிவான ஒலியையும் ட்ரோன் காட்சிகளையும் சேர்த்தால் 200 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டுமே சோனி கேமராக்கள். இரண்டு கார்டிலும் முதல் கிளிப்பின் பெயர் C0001.MP4, அடுத்தது C0002.MP4. 'காரைக்குடி' என்று ஒரே ஃபோல்டரைத் திறந்து, முதல் கார்டின் கிளிப்புகளைப் போட்டாயிற்று. இரண்டாவது கார்டையும் அதிலேயே போடும்போது, அதே பெயரில் ஃபைல் இருக்கிறதே, மாற்றிவிடலாமா என்று கணினி கேட்கும். அசதியில் 'ஆம்' என்று தட்டினால் முதல் கேமராவின் காட்சிகள் போய்விட்டன. மறுநாள் இரண்டு கார்டையும் ஃபார்மட் செய்தால் அவற்றை மீட்க முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இங்கே எந்த இயந்திரமும் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் ஃபோல்டர் ஒழுங்கு என்பதை அழகுக்காகச் செய்யும் வேலையாக நான் பார்ப்பதில்லை. பேக்கப்பே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு கார்டுக்கு ஒரு ஃபோல்டர், கார்டில் இருப்பது இருந்தபடியே, முழுதாக. வீடியோவை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம். சோனி கார்டில் PRIVATE என்ற ஃபோல்டருக்குள் கிளிப்போடு சின்னச் சின்னத் தகவல் ஃபைல்களும் இருக்கும், அவையும் வரட்டும். காரைக்குடி வேலைக்கு இந்த அமைப்பு போதும்:

```
2025-03-14_karaikudi-veedu/
  01_footage/A_cam_card1/
  01_footage/B_cam_card1/
  02_audio/
  03_graphics_music/
  04_project/
  05_export/
```

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் வைத்தால், எந்தக் கணினியிலும் படப்பிடிப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பெயரில் இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்திலேயே எழுதிவிடுவது நல்லது. தமிழில் வைத்தாலும் கணினி ஏற்கும். ஆனால் சில எடிட்டிங் துணைக்கருவிகள் இன்னும் முரண்டு பிடிக்கின்றன.

இனி நகலெடுப்பு. கார்டிலிருந்து ஒரே மூச்சில் இரண்டு டிஸ்க்குகளுக்குப் போக வேண்டும். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதற்கு நகலெடுத்தால் முதலில் நடந்த பிழையும் சேர்ந்தே போகும். நகல் சரியாக வந்ததா என்று பார்க்க, ஃபைல்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அளவு ஒன்றாக இருந்தும் உள்ளே இருப்பது சிதைந்திருக்கலாம். கேபிளோ கார்டு ரீடரோ தளர்ந்திருந்தால் இது நடக்கும். இதற்குத்தான் செக்சம் என்கிற சோதனை. ஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் படித்து அதற்கு ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிட்டு, மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே மீடியா பக்கத்தில் Clone Tool இருக்கிறது. ஒரு கார்டை ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு இப்படிச் சோதித்தே நகலெடுக்கும். விண்டோஸில் டெராகாப்பியும் சோதித்துக் கொடுக்கும். நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். இந்தச் சோதனை முடியும்வரை கார்டு கேமராவுக்குத் திரும்பக் கூடாது.

மூன்றாவது நகல் வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் கடைசிப் பகுதியை விளக்கத் தேவையில்லை. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனையும். கிளவுடில் ஏற்றலாமே என்றால், நொடிக்கு 20 மெகாபிட் அப்லோட் வேகத்தில் 200 ஜிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் இணைப்பு அறுந்துவிடாமல் இருந்தால். சின்னச் சேனலுக்கு, மாதம் இருமுறை அண்ணன் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ மாற்றி வைக்கும் ஒரு டிஸ்க்கே கட்டுப்படியாகும். ஆனால் எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைல் மிகச் சிறியது; அது தினமும் கிளவுடுக்குப் போகலாம், போக வேண்டும்.

இதில் ரிசால்வ் பயன்படுத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பிரீமியரில் எடிட் வேலை .prproj என்ற ஃபைலாக ஃபோல்டரிலேயே கிடக்கும். ரிசால்வ் அப்படி வைப்பதில்லை. வழக்கமாகக் கணினியின் உள் டிஸ்க்கில் தன்னுடைய டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது. காரைக்குடி ஃபோல்டரை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தியிருந்தாலும், லேப்டாப் போனால் நான்கு நாள் எடிட்டிங்கும் அதோடு போகும். அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் ப்ராஜெக்ட்டை .drp ஃபைலாக ஏற்றுமதி செய்து, v01, v02 என்று எண் போட்டு, 04_project ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.

டிஸ்க்கில் போட்டு அலமாரியில் பூட்டியதோடு கடமை முடிவதில்லை. கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனல் கணினி வன்பொருளைப் பற்றியே பேசுவது. பல ஆண்டு மூலக் காட்சிகளைப் பெரிய சர்வர்களில் சேர்த்து வைத்திருந்தது. டிஸ்க்குகளில் பதிந்த தகவல் சிதையாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது படித்துப் பார்க்கும் வேலையை அந்த சர்வர்களில் யாரும் அமைத்து வைக்கவில்லை. சில டிஸ்க்குகள் பழுதானபோதுதான் மற்றவற்றிலும் சிதைவு சேர்ந்திருப்பது தெரிந்தது. 2022 தொடக்கத்தில் அவர்களே வீடியோ போட்டு இதைச் சொன்னார்கள். ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும் அமைப்பு வேறு, பேக்கப் வேறு. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் ஒத்திசைவு ஃபோல்டருக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க முடியுமா? வாரம் 200 ஜிபி என்றால் ஆண்டுக்குப் பத்து டெராபைட், மூன்று நகலுக்கு முப்பது. ஆகவே கழிக்கத்தான் வேண்டும். எடிட்டருக்காக உருவாக்கிய ப்ராக்ஸி, கேஷ் ஃபைல்களை வீடியோ வெளியானதும் அழிக்கலாம். மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும். தொகுப்பாளர் எட்டு முறை தடுமாறிய டேக்குகளும் போகட்டும். வீட்டின் கதையைச் சொன்ன எண்பது வயது ஆச்சியின் பேட்டியிலிருந்து ஒரு நொடியைக்கூட எடுக்காதீர்கள், வீடியோவில் நான்கு வரிதான் வந்திருந்தாலும். வாங்கிய பாட்டின் உரிமச் சான்றும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்துக் காப்புரிமைக் கோரிக்கை வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட டிஸ்க்கைக் கொண்டுவந்து, மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, வேறொரு கணினியில் பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து பாருங்கள். வீடியோ டிஸ்க்கின் பாதை மாறியிருப்பதால் முதலில் எல்லாமே Media Offline என்று சிவப்பாகத் தெரியலாம். புதிய இடத்தைக் காட்டி இணைத்தால் பெரும்பாலானவை உயிர்பெறும். அப்படியும் இரண்டு மூன்று சிவப்பாகவே நிற்கும். அவை அநேகமாகப் பின்னணி இசை, லோகோ, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய புகைப்படம். எல்லாம் எடிட்டரின் Downloads ஃபோல்டரில் இருக்கும். அந்த லேப்டாப் வேலை செய்யும்போதே எடுத்து 03_graphics_music ஃபோல்டரில் சேர்த்துவிடலாம்.