பெயர் ஏன் நடுவில் நிற்பதில்லை?

விளையாட்டு விழாச் சான்றிதழில் ‘ரவி’ பூவேலை பார்டருக்குள் நடுவில் நிற்கிறது. ‘மீனாட்சிசுந்தரம்’ வலப்பக்கம் தள்ளிப்போகிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் பெயரை நகர்த்தியதுதான் காரணம். அப்படிச் செய்தால் பெயரின் தொடக்கம் மட்டுமே மாறாமல் இருக்கும். நீளமெல்லாம் வலப்பக்கமே போகும்.

வேர்டில் அந்த இடைவெளிகளை அழித்துவிட்டு, ரூலரில் சென்டர் டேபை நடுப்புள்ளியில் வையுங்கள். படுக்கைவாட்டு ஏ4 தாளின் அகலம் 29.7 செ.மீ.; இருபுறமும் 2.5 செ.மீ. மார்ஜின் விட்டிருந்தால், ரூலரில் நடுப்புள்ளி 12.35 செ.மீ. பெயருக்கு முன் ஒரே ஒருமுறை டேப் தட்டினால் போதும், எழுத்துகள் இருபுறமும் சமமாக விரியும்.

பெயரும் வகுப்பும் ஒரே வரியில் வந்தால் இரண்டு கட்ட டேபிள் போட்டு, இரண்டையும் சென்டர் செய்து, கோடுகளை மறைத்துவிடுங்கள். நீண்ட பெயர் தன் கட்டத்துக்குள்ளேயே மடங்கும். வகுப்பு இடம் மாறாது.