முகமாலை மணலில் ஒரு மீட்டர்

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 நெடுஞ்சாலையில் ஆனையிறவைத் தாண்டினால் பளை வரும். அதற்கு அடுத்து முகமாலை. 2000 ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் வீழ்ந்த பிறகு, கிளாலியில் தொடங்கி முகமாலை வழியாக நாகர்கோவில்வரை இரு தரப்பும் எதிரெதிரே மண் அணைகளையும் காப்பரண்களையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. (இது குமரி மாவட்டத்து நாகர்கோவில் அல்ல, வடமராட்சி கிழக்கில் இருப்பது.) ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் அந்தக் கோடு கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். நகரும்போதெல்லாம் முன்னால் புதிதாக மிதிவெடிகள் புதைக்கப்படும். பழையவற்றை எடுக்க யாரும் திரும்பிப் போவதில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. உலகிலேயே மிதிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்றாக முகமாலை மிஞ்சியது.

அங்கே அதிகம் அகப்படுவது பாகிஸ்தானில் செய்யப்பட்ட பி4 என்ற மிதிவெடி. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இருப்பது சுமார் 30 கிராம் வெடிமருந்துதான். அதை வடிவமைத்தவர்களின் நோக்கம் ஆளைக் கொல்வதைவிடக் காலை எடுப்பது. காயம்பட்ட ஒருவரைத் தூக்க இன்னும் இருவர் வேண்டும் என்பது போர்க் கணக்கு. புலிகள் இதையே மாதிரியாக வைத்து ரங்கன் 99 என்ற மிதிவெடியைச் செய்தார்கள். அதற்கு முன்பு மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியும் அவர்களிடம் இருந்தது.

இத்தனை மழையும் வெயிலும் பட்ட பிறகும் இவை ஏன் செத்துப்போவதில்லை? பி4 போன்ற ஒன்றில் தீர்ந்துபோக மின்கலம் இல்லை, நின்றுபோகக் கடிகாரம் இல்லை. மேல்மூடி அழுந்தினால் ஊசி இறங்கி டெட்டனேட்டரைத் தட்டும். அவ்வளவுதான் அதன் பொறிமுறை. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. இராணுவ வெடிமருந்துகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கெடாதபடி தேர்ந்தெடுக்கப்பட்டவை. டிஎன்டி போன்றவை தண்ணீரில் எளிதில் கரைவதுமில்லை. மரப்பெட்டி மட்டும் உளுத்துப்போகும். ஆனால் பெட்டி போன பிறகும் வெடிமருந்தும் டெட்டனேட்டரும் மண்ணுக்குள் கிடக்கின்றன. மூப்பு சில டெட்டனேட்டர்களைச் செயலிழக்கச் செய்யும். வேறு சிலவற்றில் நேர்மாறாக நடக்கும்: அவற்றிலுள்ள ஈய அசைடு ஈரத்தில் செம்போடு வினைபுரிந்து, லேசாக உரசினாலே வெடிக்கும் செம்பு அசைடாக மாறிவிடும். எது செத்தது, எது முன்னைவிட மோசமானது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

வெடிக்காத ஷெல்லின் கதை வேறு. மிதிவெடி காத்திருப்பதற்காகவே செய்யப்பட்டது. ஷெல் உடனே வெடிப்பதற்காகச் செய்யப்பட்டு, பாதியில் நின்றுபோனது. பீரங்கிக் குழாயை விட்டுக் கிளம்பும் உதைப்பும் காற்றில் சுழலும் வேகமும் அதன் முனையில் உள்ள பாதுகாப்புப் பூட்டுகளைத் திறந்துவிடும். சுட்டவரின் கைக்குள் வெடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பூட்டுகள். பூட்டுத் திறந்த ஷெல் சேற்று வயலிலோ மென்மையான மணலிலோ சாய்வாக விழுந்து, ஊசியைத் தட்டும் அளவுக்கு அதிர்ச்சி கிடைக்காவிட்டால் அப்படியே புதைந்துவிடும். ஊசிக்கும் டெட்டனேட்டருக்கும் நடுவே இனி எந்தத் தடையும் இல்லை. ஒரு மண்வெட்டி வெட்டு போதும். சருகைக் கூட்டி எரிக்கும் நெருப்பின் சூடுகூடப் போதும். பழைய இரும்பு விலைக்குப் போகும் என்று அதைத் தூக்கிச் சுத்தியலால் தட்டியவர்கள் உலகெங்கும் செத்திருக்கிறார்கள்.

அகற்றுவது என்றதும் உலோகத்தைக் காட்டும் கருவி நம் நினைவுக்கு வரும். முகமாலையின் பெரிய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பி4 மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே உண்டு. அதைப் பிடிக்கும் அளவுக்குக் கருவியின் கூர்மையைக் கூட்டினால், ஆண்டுக்கணக்காகப் பொழிந்த ஷெல்களின் சிதறல், வெற்றுத் தோட்டா, முள்கம்பித் துண்டு, காப்பரண் ஆணி எல்லாவற்றுக்கும் அது கத்தும். எங்கும் கத்தும் கருவியும் எங்கும் கத்தாத கருவியும் ஒன்றுதான். ஆகவே அப்படிப்பட்ட இடங்களில் நிலம் முழுவதையும் கையால் தோண்டிப் பார்க்கிறார்கள்.

ஊர்க்காரர்களையும் முன்னாள் போராளிகளையும் கேட்டு, இராணுவப் பதிவுகளையும் விபத்து நடந்த இடங்களையும் ஒப்பிட்டு எல்லை குறிப்பது முதல் வேலை. பிறகு பாதுகாப்பான பக்கத்திலிருந்து 1 மீட்டர் அகலத்தில் பாதை போடுவார்கள். பாதைக்குக் குறுக்கே ஒரு கோல் கிடக்கும். கோலுக்கு இந்தப் பக்கம் பார்த்த நிலம், அந்தப் பக்கம் பார்க்காத நிலம். முகத்தை மறைக்கும் தடித்த கண்ணாடிக் கவசமும் நெஞ்சுக்கு அங்கியும் அணிந்த ஒருவர் முழங்காலிட்டு, முதலில் இழுகம்பி இருக்கிறதா என்று பார்த்து, புல்லைப் பிடிபிடியாகக் கத்தரிப்பார். பிறகு கோலின் ஓரத்தில், ஏற்கெனவே பார்த்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் எடுத்து, அதன் சுவரிலிருந்து மணலை மெல்லத் தன் பக்கம் சுரண்டுவார். மேலிருந்து ஒருபோதும் குத்தக் கூடாது. மிதிவெடியின் உயிர் அதன் மூடியில் இருக்கிறது, விலாவில் இல்லை. பக்கவாட்டில் வந்தால் முதலில் தெரிவது அதன் விலா.

யாழ்ப்பாணத்து மணலில் இதற்கு நீளக் கைபிடி போட்ட இரும்புவாரியையும் பயன்படுத்தினார்கள். தோட்டத்தில் சருகு வாருவோமே, ஏறக்குறைய அதேதான். தூர நின்றபடி பல்லால் மணலை மெல்ல வாரினால் மிதிவெடி தானாக உருண்டு வெளியே வரும். களிமண்ணிலோ பனை வேர் பின்னிக் கிடக்கும் இடத்திலோ இந்த வழி எடுபடாது. மண் அணைகளைக் கவசமிட்ட இயந்திரங்கள் வெட்டிச் சலிக்கும்.

ஒன்று தென்பட்டால் வேலையை நிறுத்தி, அடையாளம் வைத்து, மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். அருகிலேயே அடுத்தது இருக்கும். வரிசையாகப் புதைப்பதுதான் வழக்கம். அந்த வரிசையைப் பிடித்துவிட்டால் பெரிய உதவி. ஆனால் மாரி மழை வெள்ளம் மணலோடு மிதிவெடியையும் நகர்த்திவிடுவதால் வரிசையை முழுதாக நம்பிவிட முடியாது. நெருக்கமான இடங்களில் ஒருவர் ஒரு நாள் முழுக்க முழங்காலில் இருந்து சில சதுர மீட்டர்தான் முடிப்பார். இந்த வேலையைச் செய்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்கள் பலர்.

எத்தனை எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையே செய்தியில் வருகிறது. என்னைக் கேட்டால், அதைவிடக் கடினமானது எதுவுமே அகப்படாத நிலம். அங்கேயும் ஒரு பிடி மண் விடாமல் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அங்கு நடக்கப்போகிறவர் அந்த ஒரு பிடியில்தான் கால் வைக்கக்கூடும். அதனால்தான் முடித்த நிலத்தை இன்னொரு குழு இடையிடையே மறுபடி சோதிக்கிறது. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. நிலத்தைச் சுத்தம் செய்ய அதன்படி கிடைத்த கெடு 2028 ஜூன்.

கையளிக்கப்படும் நிலமும் குறித்த ஆழம்வரைதான் பார்க்கப்பட்டது. மிதிவெடி மேல்மண்ணில் இருக்கும், அதற்கு அது போதும். ஆழப் பாய்ந்த ஷெல் அதற்குக் கீழே கிடக்கலாம். மீளக் குடியேறியவர் கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதோ துருவேறிய இரும்பு தட்டுப்பட்டால், மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும்.