வினாவின் ஏவல் சொல்

இங்கிலாந்தில் பதினாறு வயதையொட்டி மாணவர்கள் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் சமயக் கல்வியும் ஒரு பாடம். எடெக்செல் வாரியத்தின் ஒரு பாடத்திட்டத்தில், ஒவ்வொரு வினாவும் நான்கு உட்பிரிவுகளாக வருகிறது. அவற்றின் மதிப்பெண்கள் பெரும்பாலும் 3, 4, 5, 12. எவ்வளவு எழுத வேண்டும், எந்த வகையில் எழுத வேண்டும் என்பதை வினாவின் ஏவல் சொல்லே சொல்லிவிடுகிறது. இந்து சமயப் பகுதியிலுள்ள கன்மக் கொள்கையை வைத்து இதைப் பார்க்கலாம்.

‘அவுட்லைன்’ என்றால் சுருக்கமாகக் கூறுக என்று பொருள். கன்மம் பற்றிய மூன்று நம்பிக்கைகளைக் கேட்டால் மூன்று வாக்கியங்கள் போதும். செயலுக்குப் பலன் உண்டு; தீராத பலன் மறுபிறவிக்குத் தொடரும்; வினை நீங்கினால் வீடுபேறு கிட்டும். இங்கே பக்கம் நிரப்புபவர் பின்னால் வரும் 12 மதிப்பெண் வினாவுக்கான நேரத்தை இழக்கிறார்.

‘எக்ஸ்ப்ளெயின்’ என்பது விளக்குக. கன்ம நம்பிக்கை வாழ்க்கையை மாற்றும் இரண்டு வழிகளை விளக்கச் சொன்னால், வழிக்கு ஒரு மதிப்பெண், அதை வளர்த்துச் சொல்வதற்கு ஒன்று. “இந்துக்கள் பலர் புலால் உண்பதில்லை” என்பது முதல் பாதி மட்டுமே. “பிற உயிருக்குச் செய்த தீங்கு தமக்கே திரும்பும் என்று நம்புவதால்” என்று சேரும்போதுதான் அது விளக்கமாகிறது. மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த ‘ஆதலால்’ பகுதியைத்தான். 5 மதிப்பெண் வினாவில் சமய நூல் ஆதாரமும் வேண்டும். “கீதை இப்படிச் சொல்கிறது” என்று மட்டும் எழுதினால் போதாது. பலனில் பற்றின்றிக் கடமையைச் செய்யும்படி இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் கூறுவதைச் சொல்லி, தாம் காட்டிய வழியோடு அதைப் பொருத்த வேண்டும்.

‘இவேலுயேட்’, அதாவது மதிப்பிடுக, வேறு வகை வேலை. ஒரு கூற்று தரப்படும். அதற்குச் சார்பாகவும் எதிராகவும் வாதங்களை எடைபோட்டு முடிவு சொல்ல வேண்டும். கூற்று “கன்மக் கொள்கை நியாயமற்றது” என்று வைத்துக்கொள்வோம். நோயோடு பிறந்த குழந்தைக்கு முற்பிறவி நினைவில் இல்லை. நினைவில்லாத தவறுக்குத் துன்பம் எப்படித் தகும் என்பது சார்பு வாதம். வினைப் பயனைச் சிவனே அருளால் ஊட்டுகிறான், அது தண்டனையன்று, உயிரைப் பக்குவப்படுத்தும் வழி என்பது சைவ சித்தாந்தத்தின் மறுமொழி.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டால் மட்டும் மதிப்பீடு ஆகாது. மறுமொழி முதல் வாதத்தைச் சந்திக்கிறதா என்று கேட்க வேண்டும். தண்டனை என்ற குற்றச்சாட்டுக்கு அது விடை சொல்கிறது; ஆனால் காரணம் அறியாத குழந்தை எப்படிப் பக்குவப்படும் என்ற ஐயம் மிஞ்சுகிறது. “ஆகவே கூற்றில் ஓரளவு உண்மை உண்டு” என்று இந்த எடைபோடலிலிருந்து வரும் முடிவுதான் மேல்நிலை மதிப்பெண்ணைப் பெறும். “இரண்டும் அவரவர் நம்பிக்கை” என்று முடியும் விடையில் அந்த எடைபோடலே நடக்கவில்லை.